வியாழக்கிழமைக் காசு

எந்தக் கிழமையில் அவசரச் செலவு வந்து நின்றாலும், அடுத்த ஏழு நாளுக்குள் ஒரு வியாழக்கிழமை வந்தே தீரும். திண்டுக்கல் சமவெளியில் நாலு ஆடு வைத்திருக்கிற வீட்டுக்கு இது பெரிய தைரியம். திண்டுக்கல் – திருச்சி சாலையில் வடமதுரையைத் தாண்டினால் வருகிற அய்யலூரில் ஆட்டுச்சந்தை கூடுவது வியாழக்கிழமைதான். பொழுது விடிவதற்கு முன்பே ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். வெள்ளாடு, செம்மறி, நாட்டுக்கோழி, கட்டுச்சேவல் என்று கைமாறுகிறவை பெரும்பாலும் ரொக்கத்துக்குத்தான்.

கல்லூரி விடுதிக் கட்டணம், ஸ்கேன் செலவு, கிணற்று மோட்டாரில் காயில் எரிந்து போவது. இந்த வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்ச் செலவு திடீரென்று முளைப்பது இப்படித்தான். உடனே நினைவுக்கு வருகிறவர் வட்டிக்காரர். அவரிடம் பணம் இருக்கிறது என்பதைவிட, இன்றைக்கே தருவார் என்பதுதான் அவருடைய சரக்கு. வட்டி என்ற பெயரில் நாம் கொடுப்பது அந்த ஒரு வாரத்துக்கான விலை. அந்த வாரத்தை வேறு வழியில் ஓட்டிவிட முடியுமா என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் அந்த விலை எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 12,000 ரூபாய் வேண்டும், பத்து வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கையில் கொடுப்பார்கள். ஆகவே கைக்கு 12,000 வர, எழுதிக்கொடுக்கிற அசல் 13,300 ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். மாதா மாதம் வட்டி 1,330-ஐத் தொடும். ஒன்பது மாதத்தில் வாங்கிய 12,000-மும் வட்டியாகவே போயிருக்கும், அசல் மட்டும் அசையாமல் அப்படியே நிற்கும். தண்டல் இதைவிடச் சாதுவாகத் தெரியும். பத்தாயிரம் என்று சொல்லி 8,500 கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால், சராசரியாகப் பார்த்தால் அந்தப் பணத்தில் பாதிதான் நம் கையில் இருக்கிறது. வருடக் கணக்குக்குக் கொண்டுவந்தால் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். இந்தத் தண்டலையும் மீட்டர் வட்டி, கந்துவட்டி வகைகளையும் தடுக்கத்தான் 2003-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. மூன்று வருடம் வரை சிறை என்று அதில் இருக்கிறது. சட்டம் இருக்கிற ஊரில்தான் தண்டல் வண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது தனிக்கதை.

எந்த வேலைக்கு எப்போது காசு?

ஒரு வாரத்தில் பணம் வேண்டும் என்கிறபோது, கூலி எவ்வளவு என்பதற்கு முன்னால் கூலி எப்போது கைக்கு வரும் என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வழிகள் அடைபட்டுவிடும்.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி வேலை செய்த 15 நாளுக்குள் கூலி தர வேண்டும், அதுவும் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். சொன்னபடி வந்தாலே நம் வாரம் முடிந்து இன்னொரு வாரமும் ஓடியிருக்கும். வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்து நூற்பாலைகளில் இன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தாலும் சம்பளத் தேதி என்று ஒன்று உண்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அரம் பிடிக்கக் கை பழகவே மாதக்கணக்காகும், ஒரு வாரத்துக்கென்று அந்தப் பட்டறைக்குள் யாரும் நுழைய முடியாது. மார்க்கெட்டில் மூட்டை தூக்கலாம் என்றால், சுமைப்பணி செய்கிறவர்களுக்குச் சங்கமும் முறையும் இருக்கிறது, வெளியாள் போய் நின்றால் சும்மா விடமாட்டார்கள்.

அன்றைக்கே காசு தருகிற வேலைகளும் இருக்கின்றன. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவது, காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது. கடைசிப் பந்தி எழுந்து பாத்திரம் கணக்குப் பார்த்ததும் சமையல் காண்ட்ராக்டர் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். மாசியில் தொடங்கிச் சித்திரை வரை நத்தம், சாணார்பட்டிப் பக்கம் புளி வேலை ஓடும். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. வீட்டுக்கே மூட்டையை வாங்கி வந்து, இரவில் டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கவும் கிலோக் கணக்குத்தான். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். அதனால் ஒரு வசதி உண்டு, வழக்கமான வேலைக்குப் போகும் முன்பே இந்தக் கூலியைச் சம்பாதித்துவிடலாம். ஆனால் பல தோட்டங்களில் பறிப்புக் கூலியை வாரத்துக்கு ஒரு நாள் மொத்தமாகத் தருவதுதான் வழக்கம். வேலையில் இறங்கும் முன்பே, “எனக்கு அன்னன்னைக்கே வேணும்ணே” என்று சொல்லிவிடுவது நல்லது.

வீட்டில் கணக்குப் போடும்போது பலர் சறுக்குவது இங்கேதான். “தினம் எழுநூறு சம்பாதிக்கிறோம், ஆறு நாளைக்கு 4,200 வந்துவிடும்” என்று எழுதிக்கொள்வார்கள். அந்த 4,200-க்கு ஏற்கெனவே அரிசியும் பெட்ரோலும் பால்காரரும் காத்திருக்கிறார்கள். வழக்கமான கூலியை இதில் சேர்க்கவே கூடாது. இந்த வாரம் மட்டும் கூடுதலாகச் செய்கிற வேலையில் வருவதுதான் அவசரச் செலவுக்கான காசு. அப்படிப் பார்த்தால், வெறும் உடலுழைப்பால் ஒரு குடும்பம் ஒரு வாரத்தில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு மேல் எழுப்புவது கஷ்டம். மீதிக்கு விற்க ஒரு பொருள் வேண்டும். அதனால்தான் வியாழக்கிழமை முக்கியமாகிறது.

புதன்கிழமை செய்ய வேண்டியது

ஆட்டை விற்பது வியாழக்கிழமை. ஆனால் விலை கிடைப்பதும் கெடுவதும் புதன்கிழமை செய்கிற வேலையில் இருக்கிறது.

எந்த ஆட்டை விற்பது? கிடாயை. பெட்டையைத் தொடக் கூடாது. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். நல்ல தாயாடு இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று ஈனும், பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். அவசரத்துக்கு அதை ஓட்டிக்கொண்டு போனால் அடுத்த வருடத்துக் குட்டிகளையும் சேர்த்து விற்றதாகத்தான் அர்த்தம். வட்டிக்காரரிடம் போகாமல் தப்பித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அதே நஷ்டத்தை வேறு வாசல் வழியாக வாங்கி வருகிறோம். கிடாய்க்கு அந்தக் கணக்கு இல்லை. என்றைக்கிருந்தாலும் அது கறிக்குத்தான் போகப்போகிறது. தீபாவளி வரை வைத்திருந்தால் இன்னும் இரண்டு மூன்று கிலோ ஏறியிருக்கும், அவ்வளவுதான் இழப்பு.

அடுத்தது எடை. சந்தையில் வியாபாரி ஆட்டைத் தராசில் போடுவதில்லை. முதுகுத் தண்டிலும் விலாவிலும் தொடையிலும் கை வைத்துப் பார்ப்பார், இடுப்பைப் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்ப்பார், அதோடு எடை போட்டு முடித்துவிடுவார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே “பத்துக் கிலோ ஆடு” என்று சொன்னால் பத்துக் கிலோ கறி விழும் ஆடு என்று பொருள். உயிரோடு நிற்கிற எடை அதுபோல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். இது தெரியாமல் வீட்டில் நிறுத்து, “என் ஆடு இருபத்தஞ்சு கிலோண்ணே” என்று போய் நிற்பவரை வியாபாரி ஒரு பார்வையிலேயே புதுசு என்று கண்டுபிடித்துவிடுவார்.

தொங்குதராசு இருந்தால் சாக்கில் இறக்கி நிறுத்துவிடலாம். இல்லாவிட்டால் தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்தால் சுற்றளவு. தோள்பட்டை எலும்பின் முனையிலிருந்து பின்புறம் துருத்திக்கொண்டிருக்கும் இடுப்பு எலும்பு வரை அளந்தால் நீளம். ஆடு நாலு காலையும் ஒழுங்காக ஊன்றி நிற்கும்போது, இரண்டையும் இஞ்ச் கணக்கில் எடுக்க வேண்டும். கால்நடைக்காரர்கள் பயன்படுத்துகிற கணக்கு இது:

உயிர் எடை (கிலோ) = சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660

சுற்றளவு 26, நீளம் 24 இஞ்ச் இருக்கும் கிடாய் என்றால் 26-ஐ 26-ஆல் பெருக்க 676, அதை 24-ஆல் பெருக்க 16,224, அதை 660-ஆல் வகுத்தால் இருபத்து நாலரைக் கிலோ. ஒன்றிரண்டு கிலோ முன்னே பின்னே இருக்கும், வயிறு நிறைய மேய்ந்துவிட்டு வந்த ஆடு கூடுதலாகக் காட்டும். இதில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு கறி என்று வைத்தால் 11 கிலோ. அது சந்தைப் பேச்சில் “பதினோரு கிலோ ஆடு”.

விலையையும் புதன்கிழமையே தெரிந்துகொள்ளலாம். ஊரில் இருக்கிற கறிக்கடைக்குப் போய் இந்த வாரம் கிலோ என்ன விலை என்று கேட்டால் போதும். கடைக்காரருக்குத் தலை, கால், குடல், ஈரல் தனியாகக் காசு, ஆனால் வண்டி வாடகையும் கடை வாடகையும் வெட்டுக் கூலியும் போக வேண்டும். அதனால் கடை விலையில் ஐந்தில் நாலு பங்கு நம் கைக்கு வந்தால் நியாயமான வியாபாரம் என்று இந்தக் கட்டுரைக்கு வைத்துக்கொள்கிறேன். கடையில் கறி 850 ரூபாய் என்றால் நமக்கு 680. பதினோரு கிலோவுக்கு 7,480, சுமார் ஏழரை ஆயிரம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் சந்தைக்குள் கால் வைக்க வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் வாசலுக்கு ஒருவர் பைக்கில் வரலாம். வீடு வீடாகப் போய் ஆடு வாங்கி மறுநாள் சந்தையில் விற்கிறவர். “அங்க வரைக்கும் எதுக்குக்கா இழுத்துக்கிட்டு அலையிறீங்க, இங்கயே காசு வாங்கிக்குங்க” என்பார். அவருக்கும் லாபம் வேண்டும், அது நம் விலையிலிருந்துதான் போகும். விற்காவிட்டாலும் அவர் கேட்கிற விலையைக் காதில் வாங்கிக்கொள்ளலாம். நாளைக்குச் சந்தையில் அதற்குக் கீழே இறங்க வேண்டியதில்லை.

சந்தைக்குள்

ஒரே ஒரு ஆட்டுக்குத் தனி வண்டி பிடித்தால் வாடகையே விழுங்கிவிடும். ஊரில் இன்னும் இரண்டு மூன்று பேர் ஆடு ஏற்றுகிறார்களா என்று விசாரித்து, ஒரே குட்டியானையில் போய்விடலாம். கிளம்பும் முன் வழக்கமான தீனியும் தண்ணீரும் கொடுத்தால் போதும். சிலர் உப்புத் தண்ணீர் கொடுத்து வயிற்றை உப்ப வைப்பார்கள். வியாபாரி விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்த உடனே தெரிந்துவிடும், அதற்குப் பிறகு நாம் சொல்கிற எதையும் அவர் நம்பமாட்டார்.

நுழைவில் சுங்கம் கட்ட வேண்டும். உள்ளே போனதும் விற்க அவசரப்படாமல், நம் ஆட்டைப் போலவே இருக்கிற இரண்டு ஆடுகள் எவ்வளவுக்குப் போகின்றன என்று கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். திருச்சி, மதுரை, கரூர் பக்கத்திலிருந்து வந்த வெளியூர் வியாபாரிகள் வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு சீக்கிரம் கிளம்ப நினைப்பார்கள். விலை உயர்ந்து நிற்பது அவர்கள் இருக்கிற வரைதான். எட்டு மணிக்கு மேல் மிஞ்சி நிற்கிற ஆட்டுக்கு, திரும்ப ஓட்டிக்கொண்டு போக வேண்டுமே என்கிற பயமும் விலையில் சேர்ந்துவிடும்.

பேரத்தில் வியாபாரி தேடுவது ஆட்டின் குறையை மட்டும் அல்ல. விற்கிறவருக்கு எவ்வளவு அவசரம் என்பதையும்தான். “என்ன விசேஷம்க்கா, இப்பப் போயி கிடாயக் கொண்டாந்துட்டீங்க?” என்று கரிசனமாகக் கேட்பார். வெள்ளிக்கிழமை காலேஜுக்குக் கட்ட வேண்டும் என்று வாய் தவறிச் சொன்னால், விலையில் அந்த இடத்திலேயே ஐந்நூறு குறையும். மேய்க்க ஆள் இல்லை என்று சொல்லிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. தரகர் நடுவில் வந்து துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசினால், யாருக்காகப் பேசுகிறார், தரகு யார் தருவது என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். பால்பல் விழாத இளங்கிடாய்க்கு இந்த ஊர்ப் பக்கம் தனி மரியாதை, பிரியாணிக் கடைகள் தேடுவது அந்தக் கறியைத்தான்.

ஆடு கைமாறும் முன் காசு கைக்கு வந்திருக்க வேண்டும். “பாதி இப்ப, மீதி அடுத்த சந்தைக்கு” என்ற பேச்சுக்கே இடம் இல்லை, அடுத்த சந்தைக்குள் நம் கெடு முடிந்துவிடும். ஃபோனில் அனுப்பினால், அவர் காட்டுகிற ஸ்க்ரீனை நம்பாமல் நம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கயிற்றைக் கொடுக்க வேண்டும். விலை படியாமல் ஆட்டைத் திரும்பக் கொண்டுவந்தால் நேராகப் பட்டியில் சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டி வையுங்கள். பல ஊர் ஆடுகள் கூடுகிற இடம் அது. ஆட்டுக்கொல்லி நோய் அங்கிருந்து வந்துவிட்டால் 12,000 ரூபாய்ப் பிரச்சினை பட்டியையே காலி செய்துவிடும்.

ஒரு வீட்டுக் கணக்கு

எரியோடு பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை தகவல் வருகிறது: அடுத்த வெள்ளிக்குள் மகளுடைய விடுதிக்கு 12,000 கட்ட வேண்டும். பட்டியில் இரண்டு தாயாடு, ஒரு கிடாய், நாலு கோழி. அந்த ஞாயிறு முகூர்த்தம்.

சனிக்கிழமை மாலை வரவேற்புக்கும் ஞாயிறு காலைக் கல்யாணத்துக்கும் கணவன் பந்தியில், மனைவி சமையல்கட்டில். ஒரு நேரத்துக்கு ஆளுக்கு 500 என்றால் நாலு கூலி, 2,000. திங்கள், செவ்வாய் இருவரும் வழக்கமான வேலைக்குப் போகிறார்கள், அந்தக் கூலி வீட்டுச் செலவுக்கு. புதன்கிழமை டேப்பும் கறிக்கடை விசாரிப்பும். வியாழக்கிழமை கிடாய் 7,500-க்குப் போகிறது, வண்டிப் பங்கும் சுங்கமும் டீயும் 300 போக மிச்சம் 7,200. அதே சந்தையில் ஒன்றரைக் கிலோச் சேவல் மூன்று, கிலோ 400 கணக்கில் 1,800. எல்லாம் சேர்த்து 11,000.

ஆயிரம் குறைகிறது. அந்த ஆயிரத்தைக் கைமாற்றாகக் கேட்கலாம். பன்னிரண்டாயிரம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரம்மா பேச்சை மாற்றுவார், ஆயிரம் கேட்டால் முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுப்பார். அடுத்த முகூர்த்தத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கிடாயை அவசரத்துக்கு விற்றதில், பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும் ஒன்றிரண்டாயிரம் போயிருக்கும். பத்து வட்டியில் அது ஒன்றரை மாதக் காசு. மூன்றாவது மாதத்திலிருந்து இந்தக் குடும்பம் லாபத்தில் இருக்கிறது, தாயாடுகளும் பட்டியில் இருக்கின்றன.

ஆடு இல்லாத வீட்டுக்கு இந்தக் கணக்கு பாதிதான் பொருந்தும். அவர்கள் பூட்டிக் கிடக்கிற வேறு சொத்தைப் பார்க்க வேண்டும். பழைய மில் வேலையில் பிடித்த பி.எஃப். பணம் கணக்கில் இருந்தால், ஆதாரும் வங்கிக் கணக்கும் சரியாக இணைந்திருக்கும் பட்சத்தில், மருத்துவச் செலவு போன்ற முன்பணக் கோரிக்கைகள் சில நாட்களிலேயே முடிந்துவிடுகின்றன. பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் வாரங்கள் இழுக்கும் என்பதால், அவசரம் வருவதற்கு முன்பே சரிபார்த்து வைக்க வேண்டிய விஷயம் இது. ஃபோனில் வருகிற “வீட்டிலிருந்தே தினம் மூவாயிரம்” வேலைகள் பக்கம் மட்டும் போக வேண்டாம். முதலில் இருநூறு முந்நூறு கொடுத்து நம்ப வைத்து, பிறகு நம்மையே பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும்.

மாதத்தைப் பார்க்காமல் இந்தக் கணக்கைப் போடக் கூடாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, பந்திக் கூலி இல்லை. ஆனால் ஆடியில் கிடாவெட்டு இருக்கிறது, சந்தையில் கிடாய்க்கு நல்ல விலை. புரட்டாசியில் பாதி ஊர் கறி சாப்பிடாது, ஆட்டு விலை படுத்துவிடும். கார்த்திகையில் மாலை போட்டவர்களால் அதே கதை. தை மாதம் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களில் பலர் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக நடப்பார்கள். சாலையோரம் பத்து நாள் நறுக்கிய தர்ப்பூசணியோ சுக்குக் காப்பியோ விற்கிறவர்களுக்கு அன்றன்றைக்குக் காசு. புரட்டாசியில் செலவு வந்து, ஆட்டை ஐப்பசி வரை நிறுத்தி வைக்க வழியில்லை என்றால், கறிக்கு விற்பதைவிட வளர்ப்புக்குத் தேடுகிறவரிடம் விற்பது மேல். அவர் பார்ப்பது இன்றைய கறி எடையை அல்ல, தீபாவளி எடையை.